தொண்ணூறு உறை தவிர

அந்த ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சரக்கு இறக்கும் வாசலில் அவளுக்குப் பேர் பெரிய தலையணை. தங்கைக்குப் பேர் சின்னத் தலையணை. இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவள் ஊதினால் பறந்துவிடுவாள். சின்னவள்தான் நிஜமாகவே தலையணை மாதிரி இருப்பாள். பேர் வைத்த வாட்ச்மேன் வயசைப் பார்த்து வைத்தாரே தவிர உடம்பைப் பார்த்து வைக்கவில்லை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, கட்டிலைச் சுற்றி இழுத்துவிடுகிற திரை என்று அந்த ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணியெல்லாம் அக்காவும் தங்கையும்தான் வருஷக்கணக்காகத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தையல் யூனிட் என்று சொல்லிக்கொள்வார்களே தவிர அது ஒரே ஒரு அறைதான். ஷட்டரைத் தூக்கினால் நேராக வெட்டுகிற மேஜை. அதைத் தாண்டி இரண்டு தையல் மெஷின்கள், முகத்துக்கு முகம் பார்த்தபடி. ஓரமாக, துணி விளிம்பு பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று. பின்னால், திறந்தால் இரைகிற ஒரு குழாயும் கழிப்பறையும். இரண்டு மெஷினையும் அப்படி எதிரெதிராகப் போட்டது சின்னவள். "பேசிக்கிட்டே தைக்கலாம்ல" என்றாள். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. பக்கத்துக் கடைக்காரனின் புது மீசையிலிருந்து மேலே ஓடுகிற பல்லி வரைக்கும் எல்லாம் பேச்சுதான்.

பெரியவளுக்குக் கை ஓடும், எழுத்து ஓடாது. வெட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. நாற்பது மடிப்புத் துணியை ஒரே அடுக்காகப் போட்டு, மெஷின் கத்தியை ஒரு நூல்கூடப் பிசகாமல் ஓட்டிவிடுவாள். ஆனால் ஒரு காகிதத்தையும் பேனாவையும் கொடுத்தால் போதும், வியர்த்துப் போய்விடும். அந்தப் பக்கமெல்லாம் சின்னவள். பில், சலான், கடிதம் எல்லாம் அவள் கைதான். "தங்கள் மேலான ஆர்டருக்கு நன்றி. நாங்கள் இத்துடன் அனுப்பியிருப்பவை" என்று ஆரம்பித்தாளானால் படிக்கிறவனுக்கு ஏதோ நூறு பேர் வேலை செய்கிற கம்பெனி என்று தோன்றும். அந்த "நாங்கள்" இவர்கள் இரண்டு பேர்தான்.

அப்புறம் வந்தார் சாம்பிள்காரர். துணிக் கம்பெனியில் விற்பனை வேலை. மனைவியை இழந்தவர், நல்ல மனுஷர், கொஞ்சம் வழுக்கை. சாம்பிள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாசத்துக்கு ஒரு தடவை வந்தவர், அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தார். பெரியவள் ஒவ்வொரு தடவையும் துணியைத் தடவித் தடவிப் பார்த்து, நூல் எண்ணிக்கை கேட்டு, சாயம் போகுமா என்று கசக்கிப் பார்த்தாள். அவர் வருவது துணிக்காக இல்லை என்று அவளுக்கு உறைக்கவே இல்லை. பாவம், தெருவுக்கே தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

நாற்பத்தெட்டு வயசில் சின்னவள் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். சாட்சிக் கையெழுத்து பெரியவளுடையது. அதுவரைக்கும் ஒன்றும் கோபமில்லை. புருஷன் ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்குத்தான் சின்னவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"நீயும் வந்துடேன்கா. வீடு பெருசு. உனக்குன்னு தனி ரூம் இருக்கு. அவரும் கூப்பிடுறார்."

"நான் என்ன உன் சீதனமா?" என்றாள் பெரியவள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் வாயைத் திறக்கவில்லை. ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம். சின்னவள் போனதிலிருந்து தினமும் யூனிட் பூட்டுகிற நேரத்துக்கு போன் அடிப்பாள். போன் வெட்டுகிற மேஜைமேல் கிடந்து அதிரும். பெரியவள் காலால் மெஷினை இன்னும் அழுத்தி மிதிப்பாள். அந்த இரைச்சலில் போன் சத்தம் கேட்காது. கேட்கவில்லை என்று அவளே நம்பிக்கொள்வாள். எதிரே சின்னவளின் மெஷின் ஒரு பழைய விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கும்.

யாரிடமும் அவள் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் "சின்னத் தலையணை எங்க, காணவே காணோம்?" என்று கேட்டால் "வேலை ஜாஸ்தி, உள்ள உட்கார்ந்து தைக்குறா" என்பாள். இது பொய் என்று அவளுக்குத் தோன்றியதேயில்லை. வெளியே சொல்லிவிட்டால் உண்மையாகிப் போகும் என்கிற பயம்தான் இருந்தது.

பயப்பட இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு ஆள் மட்டும் வேலை செய்கிற இடத்துக்கு எந்த ஆஸ்பத்திரி வருஷ ஆர்டர் கொடுக்கும்? அந்த ஆர்டர் இல்லையென்றால் யூனிட்டுக்கு ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். வயிற்றுப்பாட்டுக்குப் பயமில்லை, ஒண்டிக்கட்டைக்கு எவ்வளவு வேண்டியிருக்கும்? ஷட்டரை இறக்கிவிட்டால் பகல் முழுக்க வீட்டில் உட்கார வேண்டும். வீட்டில் நாலு சுவர், ஒரு டிவி. இங்கேயாவது ஷட்டரைத் தூக்கினால் எதிர்க் கடைக்காரன் தலையாட்டுவான், லோடு ஆட்டோக்காரன் வந்து கத்துவான், ஆஸ்பத்திரி வாசலில் நாலு பேர் கேலி பேசுவார்கள். அந்தக் கேலிக்காகத்தான் அவள் உயிரைக் கொடுத்துத் தைத்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியில் புதுப் பிரிவு திறந்தார்கள். ஆர்டர் வந்தது. விரிப்பு நூற்றிருபது, தலையணை உறை இருநூற்று நாற்பது, கட்டில் திரை நாற்பது. எல்லாம் இளம்பச்சை, ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை. இரண்டு பேர் இருந்தபோது எத்தனை நாளாகுமோ அந்தக் கணக்கில் வருகிற தேதியையே பெரியவள் ஒத்துக்கொண்டாள். வேறு தேதி சொன்னால் ஏன் என்று கேட்பார்களே!

கழுத்து ஒடியத் தைத்தாள். முதலில் எல்லாத் துணியையும் மொத்தமாக வெட்டிப் போட்டுக்கொண்டாள். விரிப்பு சுலபம், நாலு பக்கமும் மடித்து அடித்தால் ஆச்சு. உறைதான் வேலை வாங்கும். வாய்ப்பக்கம் மடிப்பு, உள்ளே தலையணை நழுவாமல் இருக்க ஒரு மூடி, அப்புறம் ஓவர்லாக். திரையோ அதற்கும் மேலே: மேல்பட்டிக்குள் கித்தான் வைத்துத் தைத்து, கொக்கி மாட்ட வரிசையாக இரும்பு வளையம் அடிக்க வேண்டும். சொன்ன தேதி வந்தபோது விரிப்பு முழுசும் தயார், உறை நூற்றைம்பது தயார், திரை ஒன்றுகூட இல்லை. இருந்ததைக் கட்டிக்கொண்டு ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனாள்.

முன்பெல்லாம் ஸ்டோரில் ஒரு பெரியவர் இருந்தார். "மிச்சம் அடுத்த வாரம்" என்று வாயால் சொன்னால் போதும், தலையை ஆட்டிக்கொண்டு சலானில் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது இருப்பது ஒரு மேடம். சின்ன வயசு, கண்ணாடி, முகத்தில் தூக்கமில்லாத களை. கெட்டவளில்லை. ஆனால் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற வேண்டும் அவளுக்கு.

மேடம் கட்டைப் பிரித்து எண்ணவைத்தாள். சலானின் நகலில் "உறை 90, திரை 40 குறைவு" என்று எழுதி முத்திரை குத்தினாள்.

"வந்தது வரைக்கும் வரவு வெச்சுடுறேன்மா. ஆனா குறைஞ்சதுக்கு ஒரு லெட்டர் வேணும். ஏன் குறைஞ்சுது, ரெண்டாவது தடவை என்னென்ன வரும், எப்ப வரும். அது கையில இருந்தாத்தான் மீதி ஆர்டரைத் திறந்து வெச்சிருக்க முடியும். இல்லேன்னா சிஸ்டத்துல மூடிடுவாங்க."

"நாளைக்கே குடுத்துடறேன் மேடம்."

சொல்லிவிட்டாள், சரி. எழுதுவது யார்?

சாயங்காலம் யூனிட்டில் உட்கார்ந்து சின்னவளின் பழைய ஃபைலைத் திறந்தாள். எப்போதோ இப்படிக் குறைந்தபோது அவள் எழுதிய கடிதத்தின் நகல் ஒன்று கிடைத்தது. "விரிப்பு ஐம்பது தவிர, உறை நூறும் இரண்டாம் நடையில் வந்து சேரும்" என்று இருந்தது. ஆகா, இது போதுமே! விரிப்புக்குப் பதில் உறை, உறைக்குப் பதில் திரை. பாதி வேலை முடிந்தமாதிரிதான். தப்பும் தவறுமாக நாலு காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கடைசியில் இப்படி எழுதி முடித்தாள்:

"மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு, வணக்கம். எங்கள் பணியாளர்கள் சிலர் விடுப்பில் சென்றுவிட்டதால் தங்கள் ஆர்டரை முழுவதும் அனுப்ப இயலவில்லை. வருந்துகிறோம். இரண்டாம் நடையில் தலையணை உறை 90 தவிர, கட்டில் திரை 40 வந்து சேரும். அடுத்த வாரக் கடைசிக்குள் நாங்கள் கொண்டு வருவோம்."

படித்துப் பார்த்தாள். அவளுக்கே பெருமையாக இருந்தது. பணியாளர்கள் சிலர்! விடுப்பில் போன பணியாளர் ஒருத்திதான், அவளும் திரும்பி வரப்போவதில்லை. மேஜைமேல் போன் அதிர்ந்தது. தங்கைதான். "ஒரு லெட்டரை நானே எழுதிட்டேன்டி, பார்த்தியா" என்று சொல்லலாம்போல வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கை போனைத் தொடவில்லை. மெஷினை மிதித்தாள்.

அந்த வாரம் முழுக்க அவள் இடுப்பை நிமிர்த்தவில்லை. தொண்ணூறு உறையையும் நாற்பது திரையையும் தைத்து, கடைசியாகத் திரையில் வளையத்தைச் சுத்தியால் அடிக்கும்போது கட்டைவிரல் நசுங்கிப் போனது. "அம்மாடி!" என்று கத்தினாள். எதிரே மெஷின் பேசாமல் நின்றது. முன்பானால் சின்னவள் ஓடிவந்து விரலைக் குழாயடியில் பிடித்திருப்பாள், நாலு திட்டும் திட்டியிருப்பாள். இப்போது அவளே எழுந்துபோய் விரலைக் குழாயில் காட்டினாள். அழுகை வந்தது. விரல் வலிக்கிறது, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

சொன்னபடி வாரக் கடைசியில் கட்டுகளோடு சரக்கு வாசலில் போய் இறங்கினாள். ஆட்டோக்காரன் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டான். மேடம் சலானைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"திரை நாற்பது சரி. இந்த உறை எதுக்குமா கொண்டு வந்தீங்க?"

"எதுக்கா? மீதி தொண்ணூறு மேடம். லெட்டர்ல எழுதினேனே!"

"நீங்கதானே வராதுன்னு எழுதியிருந்தீங்க?"

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடம் ஃபைலிலிருந்து கடிதத்தை எடுத்து விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். "'உறை 90 தவிர, திரை 40 வந்து சேரும்.' உறையைத் தவிர்த்துட்டு, அதாவது உறை வராது, திரை மட்டும் வரும். அப்படித்தானே அர்த்தம்? ஆர்டர்ல உறைன்னு இருந்த வரியை நான் மூடச் சொல்லிட்டேன். வெளியில விலை கேட்டும் அனுப்பியாச்சு."

"ஐயோ மேடம்! தவிரன்னா அதுவும் சேர்த்து, இதுவும்னுதானே? உறை தவிர திரை. ரெண்டும்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை.

பக்கத்தில் நின்ற வாட்ச்மேனுக்கு இது போதுமே. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார்.

"பெரிய தலையணை சொல்றதுதான் சரி மேடம். 'டீ தவிர பிஸ்கட்டும் குடுத்தாங்க'ன்னா ரெண்டும் குடுத்தாங்கன்னுதானே?"

அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த சலவைக்காரர் நின்றார். "அதெப்படி? 'சட்டை தவிர எல்லாம் துவைச்சாச்சு'ன்னா சட்டை துவைக்கலேன்னுதான் அர்த்தம். நான் போய்ச் சட்டையும் துவைச்சேன்னு சொன்னா அடி விழும்."

லிஃப்ட்காரர் கதவுக்குள்ளிருந்தே தலையை நீட்டினார். "என்னைத் தவிர எல்லாருக்கும் சம்பளம் ஏத்திட்டாங்க. அதுல நான் உள்ளயா வெளியிலயா, நீங்களே சொல்லுங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். மேடம்கூடச் சிரித்துவிட்டாள். பெரியவள் சிரிக்கவில்லை. நசுங்கிய விரலைப் பொத்திக்கொண்டு உறைக் கட்டின்மேல் கை வைத்து நின்றாள். இளம்பச்சை, ஓரத்தில் ஆஸ்பத்திரி முத்திரை. இதை வேறு யாருக்கு விற்பது? அதுகூடப் போகட்டும். சொன்னதைக் கொடுக்க முடியாத ஆள் என்று கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் வருஷ ஆர்டர் போச்சு. அது போனால் ஷட்டர் போச்சு.

மேடம் கடிதத்தை மறுபடி படித்தாள். "ஒரு 'உம்' போட்டிருந்தீங்கன்னா தெளிவா இருந்திருக்கும்மா. 'உறை தவிர, திரையும் வரும்.' அந்த 'உம்' இருந்தா ரெண்டும்னு ஆயிருக்கும். அது இல்லாததாலதான் எனக்கு இப்படிப் பட்டுது."

சின்னவளின் நகலில் "உறை நூறும்" என்றிருந்தது பெரியவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஒரு எழுத்தைத்தான் அவள் விட்டிருந்தாள். தங்கை இருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

"இப்ப என்ன பண்றது மேடம்?"

"மூடின வரியைத் திறக்கணும்னா பர்ச்சேஸ் ஆபீசர் கையெழுத்துப் போடணும். இன்னும் வெளியில ஆர்டர் போகல, விலைதான் கேட்டிருக்கோம், அதனால வாய்ப்பிருக்கு. இன்னொரு லெட்டர் எழுதிக் குடுங்க, நான் மேல கொண்டு போறேன். என்ன வந்திருக்குன்னு ஒவ்வொரு வரியா எழுதுங்க, எதையும் தவிர்க்காதீங்க." மேடம் கொஞ்சம் தயங்கினாள். "இன்னொண்ணு. பணியாளர் விடுப்புன்னு எழுதியிருக்கீங்கல்ல? எத்தனை பேர் வேலை செய்யறாங்க, எத்தனை பேர் விடுப்புன்னு ஆபீசர் கேட்டார். வருஷ ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி ஆள் வந்து யூனிட்டைப் பார்ப்பாங்க. அதையும் எழுதிடுங்க."

வெள்ளைக் காகிதம் ஒன்றும் பேனாவும் கொடுத்தாள். பெரியவள் உறைக் கட்டின்மேலேயே உட்கார்ந்து, மடியில் சலான் புத்தகத்தை வைத்துக்கொண்டாள். வந்திருப்பதை எழுதுவது லேசாகத்தான் இருந்தது. உறை, திரை, எண்ணிக்கை. அதற்குக் கீழேதான் பேனா நின்றுவிட்டது. அஞ்சு பேர் என்று எழுதலாம். பார்க்க வருகிற அன்றைக்கு எதிர்க் கடைக்காரன் வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து மெஷின் முன்னால் உட்காரவைக்கலாம். அந்த விரிப்பை எடுத்துவிட்டுச் சின்னவளின் இடத்தில் வேறு ஒருத்தியை உட்காரவைக்கலாம்.

சின்னவளின் இடத்தில் வேறொருத்தி! அந்த நினைப்பே அவளுக்குத் தாங்கவில்லை. சீ என்று ஆகிவிட்டது. யாருக்காக இந்த நாடகம்?

எழுதினாள்.

"மேடம் அவர்களுக்கு. முதல் கடிதத்தில் எழுதியது தவறாகப் போய்விட்டது. மன்னிக்கவும். இன்று இரண்டாம் நடையில் வந்திருப்பவை: தலையணை உறை 90. கட்டில் திரை 40. இத்துடன் ஆர்டர் முழுவதும் வந்து சேர்ந்தது. விடுப்பில் யாரும் போகவில்லை. கூட வேலை செய்த என் தங்கை கல்யாணமாகிப் போய்விட்டாள். இப்போது யூனிட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. அதனால்தான் குறைந்தது."

மேடம் வாங்கிப் படித்தாள். கடைசி வரிகளுக்கு வந்ததும் கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தாள்.

"இதுலயும் ஒரு 'தவிர' இருக்கே" என்றாள் மெதுவாக.

"இதுக்கு ரெண்டு அர்த்தம் கிடையாது மேடம்."

மேடம் கடிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வாட்ச்மேன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இவ்வளவு நாளும் "சின்னத் தலையணை எங்கே" என்று கேட்டுக் கேட்டுக் கேலி பண்ணிய மனுஷர், பேசாமல் எழுந்துபோய் ஒரு கப் டீ கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தார். அந்த மௌனம்தான் பெரியவளுக்கு என்னவோ போலிருந்தது. கேலி பண்ணியிருந்தாலாவது பரவாயில்லை.

மேடம் திரும்பி வரும்போது கையில் அதே கடிதம். ஓரத்தில் சிவப்பு மையில் ஆபீசரின் கிறுக்கல் கையெழுத்து. பெரியவள் கைநீட்டி வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள்: "உறை 90 ஏற்கலாம். புது ஆண்டுக்கு, தலையணை உறை தவிர மற்றவை வேறு நிறுவனத்துக்கு."

அவள் அந்தச் சொல்லிலேயே விரலை வைத்தாள். "மேடம், இந்தத் தவிர எந்தத் தவிர?"

"உங்களுக்கு நல்ல தவிர" என்றாள் மேடம். "விரிப்பும் திரையும் பெரிய கம்பெனிக்குப் போகுது. உறை உங்களுக்குத்தான். ஒருத்தர் எவ்வளவு தைக்க முடியுமோ அவ்வளவு. மொத்தமா வேணாம், கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டு வாங்க."

உறை தப்பியது. ஷட்டர் தப்பியது. நன்றி சொல்லிவிட்டுச் சலானில் முத்திரை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். வாசலைத் தாண்டும்போது வாட்ச்மேன் "பார்த்துப் போங்க பெரியம்மா" என்றார். தலையணை என்று சொல்லவில்லை.

நடந்தே யூனிட்டுக்கு வந்தாள். ஷட்டரைத் தூக்கினாள். வேலை ஒன்றும் இல்லை, எல்லாம் முடித்துக் கொடுத்தாயிற்று. தரையில் இளம்பச்சைத் துண்டுகள் கிடந்தன, கூட்டினாள். மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தாள். நல்ல சேதிதான் கிடைத்திருக்கிறது. அதைச் சொல்ல அந்த அறையில் ஒரு ஈ காக்கா இல்லை. ஜெயித்துவிட்டு வந்தவள்மாதிரியா இருக்கிறது இது? உறவென்று ஒருத்தி இருந்தாள், அவளையும் வாயடக்கித் துரத்தியாயிற்று. இன்றைக்கு ஊரறியக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள், என்னைத் தவிர யாரும் இல்லை என்று. பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லையே என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

மேஜைமேல் போன் அதிர்ந்தது.

பழக்கத்தில் கால் மெஷினின் மிதியடிக்குப் போனது. மெஷினில் துணி இல்லை. வெறும் மெஷினை ஓட்டினால் நூல் சிக்கிக்கொள்ளும். போன் அதிர்ந்து அதிர்ந்து மேஜை விளிம்புக்கே வந்துவிட்டது. விழுந்துவிடும் என்றுதான் பிடித்தாள். பிடித்த கையோடு காதில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா?" சின்னவளுக்கே நம்பிக்கை இல்லை. "அக்கா, நீயா எடுத்திருக்கே?"

எப்படி இருக்கிறாய் என்று கேட்டாளா பெரியவள்? ஏன் கேட்கப் போகிறாள்!

"ஏண்டி, தவிரன்னா சேர்த்துன்னு அர்த்தமா, விட்டுட்டுன்னு அர்த்தமா?"

"என்னக்கா இது? எடுத்ததும்..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடி."

"ரெண்டும்தான்கா. பின்னாடி 'உம்' போட்டியா?"

"போடலே. போடாம விட்டு இன்னைக்கு ஊரே சிரிச்சுது."

"ஐயோ! என்ன எழுதினே? எதைத் தவிரன்னு எழுதினே? அதைச் சொன்னாத்தானே நான் சொல்ல முடியும். எதைத் தவிர?"

உறை தவிர என்று சொல்லத்தான் பெரியவள் வாயைத் திறந்தாள். எதிரே விரிப்பைப் போர்த்திக்கொண்டு நிற்கிற மெஷின் கண்ணில் பட்டது.

"உன்னைத் தவிர" என்றாள். "உன்னைத் தவிர எனக்கு யாருடி இருக்கா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. சின்னவள் அழுதால் முதலில் மூக்குதான் ஒழுகும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் சின்னவள்.

"இல்ல."

"டப்பா கொண்டு வந்தியா?"

"காலையில கொண்டு வந்தது அப்படியே இருக்கு."

"திற. போய்க் கை கழுவிட்டு வந்து சாப்பிடு. நான் லைன்லயே இருக்கேன்."

பெரியவள் எழுந்தாள். எதிர் மெஷின்மேல் கிடந்த விரிப்பை இழுத்து மடித்து வைத்தாள். போனைக் கீழே வைக்காமல் தங்கையின் மெஷின் பலகைமேல், ஊசிக்குப் பக்கத்தில், எப்போதும் அவள் முகம் இருக்கிற திசையில் சாய்த்து வைத்தாள். பிறகு கை கழுவக் குழாயடிக்குப் போனாள்.

"தண்ணி சத்தம் கேக்குது" என்றது போன். "அந்தக் குழாயை இன்னும் நீ மாத்தலியா?"